பேருந்தில் படமெடுத்த குறள்

பயன்தூக்கார் செய்த உதவி நயன்தூக்கின்
நன்மை கடலின் பெரிது.

(திருக்குறள் 103, செய்ந்நன்றி அறிதல்)

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் அரசுப் பேருந்தில், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருந்த பலகையில் எடுத்த படம் இது. ‘நயன்’ என்பதில் னகரத்தின் புள்ளி தேய்ந்துபோய் ‘நயன’ என்று தெரிகிறது, புள்ளியோடு படித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குறளின் சாவி ‘தூக்கு’ என்ற சொல். இன்று தூக்குவது என்றால் மேலே எடுப்பது. பழந்தமிழில் அதற்கு எடை பார்த்தல், சீர்தூக்கி ஆராய்தல் என்றும் பொருள். ‘சீர்தூக்கி’ என்று நாம் சொல்வதிலேயே அந்தப் பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. ஆக, பயன்தூக்கார் என்போர், ‘இவருக்கு இதைச் செய்தால் நமக்கு என்ன கிடைக்கும்’ என்று கணக்குப் பார்க்காதவர்கள். நயன் என்பது அன்பு, ஈரம். நயன்தூக்கின்: அந்த ஈரத்தை எடைபோட்டால். நன்மை: அந்த உதவியால் விளைந்த நலம். கடலின் என்பதைப் பலரும் ‘கடலினுடைய’ என்று படித்துத் தடுமாறுகிறார்கள். இங்கே ‘இன்’ ஒப்பிட வந்த ஐந்தாம் வேற்றுமை; ‘கடலைவிட’ என்று பொருள்.

இன்றைய தமிழில்: கைம்மாறு இன்னது வரும் என்று எண்ணிப் பார்க்காதவர் செய்த உதவியின் அன்பை எடைபோட்டுப் பார்த்தால், அதன் நன்மை கடலைவிடப் பெரியது.

ஒரே அடியில் ‘தூக்கு’ இரண்டு முறை வருவதைக் கவனியுங்கள். உதவி செய்பவர் தூக்கக் கூடாது. பெற்றவர் தூக்கிப் பார்க்க வேண்டும். ஒருவரிடம் தராசே இல்லை, மற்றவர் கையில் அது கட்டாயம் இருக்க வேண்டும். பயன், நயன் என்ற எதுகை அடியின் இரு முனைகளிலும் நின்று இந்த இருவரையும் எதிரெதிரே நிறுத்துகிறது. எனக்கு இந்தக் குறளில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

முந்தைய இரு குறள்களையும் சேர்த்துப் படித்தால் இன்னும் தெளிவாகும். நாம் முன்பு எதுவும் செய்யாதிருக்கப் பிறர் செய்த உதவிக்கு மண்ணும் விண்ணும் ஈடாகா என்கிறது 101. காலத்தில் செய்த சிறு உதவி உலகைவிடப் பெரிது என்கிறது 102. இங்கே கடல். மூன்றிலும் அளவு, செய்த பொருளில் இல்லை. செய்த விதத்தில் இருக்கிறது.

படம் எடுத்த அன்று, ஒரு பாட்டி தேங்காய்க் கூடையோடு படியில் திணறினார். பின்படியில் நின்ற கல்லூரிப் பையன் கூடையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, தன் இடத்துக்கே திரும்பிப் போய் நின்றுகொண்டான். ஒரத்தநாட்டில் அவன் இறங்கியபோது பாட்டி சன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார். அவன் திரும்பவில்லை. “யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும்” என்றார்.