கல்யாண சீசன் பட்டுத் துணிங்க: கடைசி தேதிகளும், அதுவரைக்கும் வீட்ல செய்யக்கூடாததும்

நம்ம கடை கஸ்டமர்ஸ் எல்லாருக்கும் வணக்கம். இந்த மாசம் 25, 26, 27 மூணு நாளும் வரிசையா கல்யாணம் இருக்குன்னு இப்பவே கவுன்ட்டர்ல பில் போடும்போதே தெரியுது, வர்ற பத்து பேர்ல ஏழெட்டு பேர் "26க்கு வேணும்ங்க"ன்னுதான் சொல்றாங்க. பட்டுப் புடவை, பட்டு வேட்டி, ஷெர்வானி, லெஹங்கா, பிளவுஸ்னு ரேக் பாதி நிரம்பிடுச்சு. அதனால கடைசி நேரத்துல வந்து நீங்களும் டென்ஷன் ஆகி எங்களையும் டென்ஷன் ஆக்காம இருக்க, தேதிய முன்னாடியே போட்டுடறோம்.

முதல்ல தேதி, ஏன்னா பாதி பேர் இதுக்கு மேல படிக்க மாட்டீங்கன்னு தெரியும்.

ஃபால்ஸ் மாத்தணும், குஞ்சம் கட்டணும், எங்கயாவது இழை விட்டுருக்கு டார்னிங் பண்ணணும்னா 12ஆம் தேதி சனிக்கிழமை நைட்டுக்குள்ள கொண்டு வாங்க. டார்னிங் பண்றவர் ஒருத்தர்தான், அவர் கைய ரெண்டாக்க முடியாது.

கறை இருக்கற துணி, ஜரிகை ஹெவியா இருக்கற துணி, மணி, கல்லு, எம்பிராய்டரி வெச்சது, அம்மாவோட பாட்டியோட பழைய பட்டு, இது எல்லாம் 14 திங்கக்கிழமை சாயங்காலம் 7 மணி வரைக்கும். கறை இல்லாத, ஒரு தடவை ரெண்டு தடவை கட்டின சாதாரண பட்டுன்னா 17 வியாழன் வரைக்கும் வாங்குவோம். வெறும் அயர்ன், ரோல் பிரஸ் மட்டும்னா 22 செவ்வாய் மதியம் வரைக்கும் ஓகே. 18ல இருந்து எக்ஸ்பிரஸ்னு சொன்னா அது அயர்னுக்கு மட்டும்தான், கறைக்கு எக்ஸ்பிரஸ் கிடையாது, எக்ஸ்ட்ரா காசு தர்றேன்னாலும் கிடையாது, கோவிச்சுக்காதீங்க.

ஏன் கறைக்கு மட்டும் இவ்வளவு நாள்னு கேக்கறவங்களுக்கு. மெஷின் ஓடற நேரம் ஒரு மணி நேரம் கூட வராது, அது பிரச்சனையே இல்ல. டிரை கிளீனிங்ல தண்ணிக்கு பதிலா சால்வன்ட் ஓடுது, பெர்க்னு சொல்வோம், இல்லன்னா ஹைட்ரோகார்பன். இது எண்ணெய், நெய், லிப்ஸ்டிக், கிரீம் மாதிரி பிசுக்கு கறைய சுலபமா எடுத்துடும், ஆனா ஜூஸ், காபி, வியர்வை இதெல்லாம் தண்ணில கரையற கறை, சால்வன்ட்ல எத்தனை தடவை போட்டாலும் அப்படியே தான் இருக்கும். அதை மெஷின்ல போடறதுக்கு முன்னாடி ஸ்பாட்டிங் டேபிள்ல வெச்சு, ஒவ்வொரு கறையா, கொஞ்சம் கொஞ்சமா கையால எடுக்கணும். எந்த கறைன்னு பாத்து அதுக்கு ஏத்த மருந்து போடணும், மருந்து போடறதுக்கு முன்னாடி துணியோட உள்பக்க மடிப்புல சாயம் போகுதான்னு பாக்கணும், போட்டுட்டு காய விட்டு திரும்ப பாக்கணும். ஒரே புடவைல நாலு வகை கறை இருந்தா நாலு வேலை. அவசரப்பட்டு ஸ்ட்ராங்கா போட்டா கறையோட கலரும் சேந்து போயிடும்.

அதான் கவுன்ட்டர்ல "என்ன கறைங்க, எப்போ பட்டுச்சு"ன்னு கேக்கறோம். தயவு செஞ்சு உண்மைய சொல்லுங்க. வெட்கப்பட ஒண்ணும் இல்ல, குழந்த வாந்தி எடுத்துச்சா, டிரிங்க் கொட்டுச்சா, சொல்லிடுங்க. அதைவிட முக்கியம், வீட்ல நீங்க ஏற்கனவே என்ன போட்டீங்கன்னு சொல்லுங்க, சோப்பா வினிகரா டூத்பேஸ்ட்டா. அது தெரியாம நாங்க மேல இன்னொண்ணு போட்டா ரெண்டும் சேந்து என்ன ஆகும்னு சொல்ல முடியாது. பெரும்பாலும் கெட்டுப்போன பட்டு கறையால கெட்டுப்போனது இல்ல, கறைய எடுக்கறேன்னு வீட்ல பண்ணதால கெட்டுப்போனது தான்.

இதுல நம்பர் ஒன் வில்லன் தேய்க்கறது. ஏதாவது கொட்டுச்சுன்னா கை தானா கர்ச்சீப்ப நனைச்சு பரபரன்னு தேய்க்கும். பட்டு நனைஞ்சா அதோட பலம் குறைஞ்சிடும், அந்த நேரத்துல தேய்ச்சா மெல்லிசான இழைங்க மேலாக்க உடைஞ்சு பிசிறு பிசிறா நிக்கும், காஞ்ச பிறகு அந்த இடம் மட்டும் வெளுத்த மாதிரி பளபளப்பு இல்லாம தெரியும். கொஞ்சம் சாச்சு வெளிச்சத்துல பாத்தீங்கன்னா நல்லா தெரியும். கஸ்டமர் அதை கறைன்னு நெனச்சு எடுத்துத் தர சொல்வாங்க, அங்க எடுக்க கறையே இருக்காது, இழை போயிருக்கும். அதை எந்த டிரை கிளீனராலயும் திரும்ப கொண்டு வர முடியாது.

அப்போ கொட்டுச்சுன்னா என்னதான் பண்றது? ஒண்ணுமே சாயம் போகாத வெள்ளை காட்டன் துணியோ டிஷ்யூவோ எடுத்து மேல வெச்சு லேசா அமுக்குங்க, ஈரம் ஏறினதும் வேற இடத்தை மாத்தி அமுக்குங்க, அவ்ளோதான். கெட்டியா ஏதாவது விழுந்திருந்தா ஸ்பூன் முனையால மேல இருந்து எடுத்துடுங்க. எண்ணெய்னா அது மேல கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி விட்டா எண்ணெய உறிஞ்சும், அப்புறம் தட்டிட்டு எங்ககிட்ட கொண்டு வாங்க. தண்ணி ஊத்தாதீங்க, பட்டுல வெறும் தண்ணி பட்டாலே சில துணில ஓரத்துல கோடு கோடா வட்டம் விழும். மஞ்சள் கறைல சோப்பு வேண்டவே வேண்டாம், சோப்போட காரத்தன்மை பட்டா மஞ்சள் செவப்பா மாறும், அதப் பாத்து பயந்து இன்னும் சோப்பு போடுவாங்க. வெயில்ல போட்டா மஞ்சள் வெளுக்கும்னு யாராவது சொல்வாங்க, உண்மைதான், ஆனா கூடவே புடவையும் வெளுக்கும், பட்டுக்கு வெயில் ஆகவே ஆகாது.

ப்ளீச் பத்தி ஒரே வரி: குளோரின் ப்ளீச் பட்டு இழையவே கரைச்சிடும். அதே மாதிரி சாதா வாஷிங் பவுடர்ல நிறையதுல என்சைம் இருக்கும், கறைல இருக்கற புரோட்டீன உடைக்கறதுக்குன்னு போடறது, பட்டும் புரோட்டீன் தான், அதுக்கு எது கறை எது துணின்னு தெரியாது.

இன்னொண்ணு, கண்ணுக்குத் தெரியாத கறை. கூல் டிரிங்க்ஸ், ஜூஸ் மாதிரி சக்கரை இருக்கறது தெளிச்சிருக்கும், காஞ்சதும் ஒண்ணும் தெரியாது, சரி போயிடுச்சுன்னு மடிச்சு பீரோல வெச்சிடுவீங்க. சில மாசம் கழிச்சு எடுத்தா பழுப்பு பழுப்பா புள்ளி. அயர்ன் சூடு பட்டா இன்னும் சீக்கிரம் வந்துடும். போன தடவை துவைச்சு தந்த துணில எப்படி புது கறை வந்துச்சுன்னு கேக்கறீங்களே, பல நேரம் கதை இதுதான். அதனால சும்மா தெளிச்சது தானேன்னு விடாம எந்த இடத்துல பட்டுச்சுன்னு சொல்லுங்க, அங்க ஒரு சின்ன நூல் தையல் போட்டு கொண்டு வந்தாலும் சரி, எங்களுக்கு ரொம்ப ஈஸி. பின் குத்தாதீங்க.

கல்யாணத்தன்னிக்கு சென்ட்டு, ஹேர் ஸ்பிரே, டியோடரன்ட் எல்லாம் முதல்ல போட்டு, காஞ்ச பிறகு பட்டு கட்டுங்க. சென்ட்டுல இருக்கற ஆல்கஹால் சில சாயத்தை கலைச்சிடும், ஜரிகைல பட்டா கறுக்கவும் செய்யும். அக்குள் பக்கம் பிளவுஸ்ல வியர்வையும் டியோடரன்ட்டும் சேந்து நாளாக நாளாக துணிய இத்துப்போக வெச்சிடும். ஒரு காட்டன் லைனிங்கோ ஸ்வெட் பேடோ வெச்சுக்கிட்டா பிளவுஸ் தப்பிக்கும், அக்குள்ல கிழிஞ்ச பட்டு பிளவுஸ் இந்த சீசன்லயே கணக்கில்லாம பாத்தாச்சு.

மணி, கல்லு, சீக்வின்ஸ் வெச்ச துணி தர்றவங்க லேபிள் இருந்தா வெட்டிடாதீங்க. வட்டத்துக்குள்ள பி எழுத்து இருந்தா பெர்க்ல போடலாம், எஃப் இருந்தா ஹைட்ரோகார்பன்ல தான் போடணும், வட்டத்து மேல பெருக்கல் குறி மாதிரி கோடு இருந்தா டிரை கிளீனே பண்ணக்கூடாது. சில சீக்வின்ஸ் பெர்க்ல கரையும், பசை போட்டு ஒட்டின கல்லு உதிரும். லேபிள் இல்லன்னா ஒரு மணிய டெஸ்ட் பண்ணிட்டு தான் மெஷின்ல போடுவோம், அதுக்கும் டைம் வேணும், அதுக்குத்தான் 14ஆம் தேதி.

வீட்லயே அயர்ன் பண்றவங்க, துணிய உள்பக்கம் திருப்பி, மேல ஒரு மெல்லிசான காட்டன் துணி வெச்சு, சில்க் செட்டிங்ல பண்ணுங்க. ஜரிகை மேல நேரா இரும்ப வைக்காதீங்க, இப்போ வர்ற ஜரிகைல நிறைய பிளாஸ்டிக் இழை, சூடு அதிகமானா சுருங்கி சுருங்கி பார்டரே இழுத்துக்கும். தண்ணி தெளிச்சு அயர்ன் பண்ற பழக்கம் பட்டுல வேண்டாம், மேல சொன்ன வட்டம் விழும்.

எங்ககிட்ட வாங்கிட்டுப் போன துணிய அந்த பிளாஸ்டிக் கவரோடயே மாசக்கணக்குல வைக்காதீங்க ப்ளீஸ். கவர் வீடு போய் சேர்ற வரைக்கும் தூசி படாம இருக்கத்தான். எடுத்துட்டு கொஞ்ச நேரம் காத்தாட நிழல்ல விட்டு, பழைய வெள்ளை வேட்டியோ காட்டன் துணியோ சுத்தி வைங்க. பாச்சை உருண்டைய நேரா ஜரிகை மேல படற மாதிரி போடாதீங்க, ஒரு துணில கட்டி ஓரமா வைங்க. ரப்பர் பேண்ட் போட்டு சுத்தாதீங்க, வெள்ளி ஜரிகையா இருந்தா ரப்பர்ல இருக்கற கந்தகம் கறுக்க வெச்சிடும். மூணு நாலு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து மடிப்ப மாத்தி மடிங்க, ஒரே மடிப்புல வருஷக்கணக்கா இருந்தா அந்த கோட்டுலயே இழை விட்டுப்போகும். பழைய பட்டு கொண்டு வர்றவங்களுக்கும் இதையே சொல்றோம், மடிப்பு கோடு ஏற்கனவே பலவீனமா இருந்தா மெஷின்ல போட்டா கிழியற வாய்ப்பு இருக்கு, அதை பில்லுலயே எழுதி உங்க கையெழுத்து வாங்கிட்டு தான் எடுப்போம், சிலதை வேண்டாம்னு திருப்பியும் தருவோம்.

கல்யாணம் முடிஞ்ச பிறகு, களைப்புல சோபால போட்டு வெச்சு ஒரு மாசம் கழிச்சு கொண்டு வராதீங்க. வியர்வை புதுசா இருக்கும்போது எடுக்கறது சுலபம், காஞ்சு பழசானா மஞ்சளாகி உக்காந்துக்கும். 28 திங்கள்ல இருந்து வாங்கறோம், அந்த வாரம் தர்ற துணிக்கு அவசரம் இருக்காதுங்கறதால நிதானமா பண்ணித் தர முடியும்.

20ஆம் தேதி ஞாயிறு, வழக்கமா லீவுதான், இந்த வாரம் மட்டும் காலை 9ல இருந்து 1 வரைக்கும் டெலிவரிக்கு மட்டும் திறந்திருப்போம், புது துணி வாங்க மாட்டோம். 24 வியாழன் நைட் 9 வரைக்கும் கடை உண்டு. வரும்போது பில்ல கொண்டு வாங்க, பில் தொலைஞ்சுட்டா கொடுத்த தேதியும் துணி கலரும் ஞாபகம் வெச்சுட்டு வாங்க, மெரூன் புடவைன்னு மட்டும் சொன்னா ரேக்ல மெரூன் தான் பாதி இருக்கு. வாங்கும்போது கவுன்ட்டர்லயே பிரிச்சு வெளிச்சத்துல பாத்துடுங்க, ஏதாவது சரியில்லன்னா அங்கேயே சொல்லுங்க, 25க்கு முன்னாடின்னா திரும்ப ஒரு கை பாத்துத் தர டைம் இருக்கும்.