சத்துணவு அக்காக்களிடம் கொஞ்ச நேரம்

பாலக்கோடு வட்டாரத்துச் சத்துணவு அக்காக்கள் எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் கை. கழிப்பறை போய் வந்ததும், பச்சை முட்டையைத் தொட்டதும் சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

சோற்றை வேகவைத்தாலும் சில கிருமிகளின் வித்துகள் சாவதில்லை. சோறு ஆறிக் கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அதனால் வடித்ததும் மூடிவைத்து, சூடு ஆறுவதற்குள் பரிமாறிவிடுங்கள். மிச்சத்தை மாலைக்கு எடுத்து வைக்க வேண்டாம்.

குடிநீர்த் தொட்டியை மூடியே வையுங்கள். குவளையை உள்ளே விடாமல் குழாயில் பிடியுங்கள்.

அப்புறம், வயிற்றுப்போக்கு இருந்தால் அன்றைக்குச் சமைக்க வராதீர்கள். அமைப்பாளரிடம் தயங்காமல் சொல்லுங்கள், அக்கா.

சரி, இப்போது எல்லோரும் குழாயடிக்கு வாங்க, கை கழுவிக் காட்டுகிறேன்.