நேற்று போட்ட கட்டுரை அறிவிப்பு, இந்த முறை புரியும்படி

நேற்று நான் எழுதியது இது: "ஈ.கோலை பெர்சிஸ்டர் செல்களின் விழிப்பு நேரப் பரவலில் உள்ள பன்முகத்தன்மையை ஒற்றைச் செல் நுண்ணோக்கியியல் மூலம் நிறுவியுள்ளோம்." நிறையப் பேர் வாழ்த்தினீர்கள். என் அக்கா மட்டும்தான் கேட்டாள்: "சரிடா, என்னதான் கண்டுபிடிச்சே?" அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

ஆன்டிபயாடிக் கொடுத்தால் பாக்டீரியா சாகும். ஆனால் கூட்டத்தில் ஒன்றிரண்டு, மருந்து வருவதற்கு முன்பே தூங்கிக்கொண்டிருக்கும். நாங்கள் பயன்படுத்திய ஆம்பிசிலின், பாக்டீரியா தன் சுவரைக் கட்டும்போதுதான் அதைக் கெடுக்கும். தூங்குகிறவன் சுவர் எழுப்புவதில்லை, அதனால் தப்பிவிடுகிறான். இதை 1944லேயே ஜோசப் பிக்கர் பென்சிலினில் கவனித்து, இவற்றுக்குப் பெர்சிஸ்டர் என்று பெயர் வைத்தார்.

மருந்துக்கு அடங்காத கிருமி என்று செய்திகளில் படிக்கிறோமே, அது வேறு. அதன் பிள்ளைகளும் மருந்துக்கு நடுவிலேயே வளரும். தூங்கி எழுந்ததன் பிள்ளைகள் அதே மருந்தில் மற்றவை போலவே சாகும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது மிகச் சுலபம். நானே முதல் வருடம் முழுக்கக் குழப்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் கேள்வி: மருந்து போன பிறகு இவை எப்போது எழுகின்றன? ஒவ்வொன்றையும் தனித்தனியாக நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே இருந்தோம். எல்லாம் ஒன்றாக எழுவதில்லை. சில உடனே நீண்டு இரண்டாகப் பிரிந்தன. சில மணிக்கணக்கில் அசையாமல் கிடந்தன. ஒன்றைச் செத்தது என்றே குறித்து வைத்துவிட்டோம். மறுநாள் காலை அது நான்காக நின்றது.

இதனால் என்ன? குணமானதாக நினைத்த தொற்று சிலருக்குத் திரும்ப வருவதற்கு இந்தத் தூங்குமூஞ்சிகளும் ஒரு காரணமாக இருக்கலாம். எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தால், அந்த நேரம் பார்த்து இன்னொரு தடவை மருந்து கொடுத்துவிடலாம். அப்படி எழுவதில்லை என்பதால், எந்த நேரம் கொடுத்தாலும் சில தப்பும். ஆகவே அவற்றைச் சேர்ந்தாற்போல் எழுப்ப வழி உண்டா என்பதுதான் அடுத்த வேலை. அதற்கு இன்னும் பதில் இல்லை.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இதெல்லாம் ஆய்வகத்தில், ஒரே வகை பாக்டீரியாவில், ஒரே மருந்தில் பார்த்தது. நோயாளிகளிடம் பார்த்ததில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். மருத்துவர் சொன்னபடியே சாப்பிடுங்கள்.

கீழே ஒரு குட்டி வீடியோ இணைத்திருக்கிறேன். வலது மூலையில் தனியாகக் கிடக்கும் குச்சியை மட்டும் பாருங்கள். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்காது, தள்ளிவிட்டுப் போகாதீர்கள். கடைசிப் பத்து வினாடியில் எழும்.