வகுப்பு ஆசிரியைக்குப் பிறந்தநாள் வாழ்த்து

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். இன்று உங்கள் பிறந்தநாள் என்று கயல் ஒரு வாரமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். எங்கள் இருவரின் மனமார்ந்த பிறந்தநாள் வாழ்த்துகள். நல்ல உடல்நலத்தோடும் மனநிறைவோடும் நீங்கள் பல்லாண்டு வாழ வேண்டும்.

வாழ்த்தோடு ஒரு நன்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. "நன்றாகச் சொல்லித் தருகிறீர்கள்" என்று ஒரே வரியில் முடித்தால் நீங்கள் செய்தது அதில் அடங்காது.

ஆண்டுத் தொடக்கத்தில், 52-இல் 27 போனால் எவ்வளவு என்று கேட்டால் கயல் 35 என்று எழுதுவாள். 2-இல் 7 போகாது என்றதும் தலைகீழாக்கி 7-இல் 2-ஐக் கழித்துவிடுவாள். "பக்கத்தில் கடன் வாங்கு" என்று வீட்டில் சொல்லிக் கொடுத்தோம். கடன் வாங்கினாள், ஆனால் 5-ஐ 4 ஆக்கவில்லை. விடை மறுபடியும் அதே 35. தவறு மாறியிருப்பதே எங்களுக்குத் தெரியவில்லை, பழைய பிழைதான் என்று நினைத்துப் பழைய விளக்கத்தையே திரும்பத் திரும்பச் சொன்னோம்.

நீங்கள் விடையைப் பார்க்காமல், அவள் எப்படிப் போட்டாள் என்று கேட்டிருக்கிறீர்கள். பத்துப் பத்துக் குச்சியாக ரப்பர் பேண்ட் போட்ட ஐந்து கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் கொடுத்து, ஒரு கட்டை அவளையே பிரிக்க வைத்தீர்கள். மீதி நான்கு கட்டுதான் என்று கண்ணால் பார்த்த பிறகே நோட்டில் 5-ஐ அடித்து 4 எழுத வைத்தீர்கள். அன்றோடு அவளுக்குக் கணக்கு பிடிபட்டது. இப்போது 25 என்று எழுதியதும் 27-ஐக் கூட்டி 52 வருகிறதா என்று தானே சரிபார்க்கிறாள். நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒருத்திக்காக அத்தனை நேரம் ஒதுக்குவது எளிதல்ல என்று எங்களுக்குத் தெரியும்.

நோட்டில் முழு விடையையும் அடிக்காமல், தவறான இலக்கத்தின் கீழ் மட்டும் நீங்கள் வைக்கும் சிறு புள்ளிக்கும் நன்றி. எங்கே தவறினோம் என்று அவளே தேடுகிறாள், அழுவதில்லை.

பள்ளி விதிப்படி பரிசு எதுவும் அனுப்பவில்லை. மற்றப் பிள்ளைகளின் முன்னால் அது சரியாகவும் இருக்காது. கயல் தன் கையால் செய்த அட்டை மட்டும் இதோடு இருக்கிறது. பாட நேரத்தில் தராமல், பள்ளி விட்டபின் தரச் சொல்லியிருக்கிறோம். இதற்குப் பதில் எழுத வேண்டும் என்று சிரமப்பட வேண்டாம்.

அட்டையில் நாங்கள் கை வைக்கவில்லை. 'பிறந்தநாள்' என்பதற்கு முதலில் சின்ன ர போட்டு, பிறகு அதன் கீழ் ஒரு புள்ளி வைத்து, அவளே பெரிய ற எழுதியிருக்கிறாள்.

அன்புடனும் மரியாதையுடனும்,
கயலின் அம்மா, அப்பா
மூன்றாம் வகுப்பு, ஆ பிரிவு