வேலையை நிறுத்தியவர்களுக்கு நன்றி

கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங், ஆபீஸ் என எல்லாருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி 11:40-க்கு நம் கேட்டைத் தாண்டிய கண்டெய்னர், சனிக்கிழமை காலையிலேயே தூத்துக்குடி துறைமுகத்துக்குள் போய்விட்டது. கெடு மதியம் 12 மணி. 400 பெட்டி, 24,000 பீஸ், ஒன்றுகூடக் குறையவில்லை. கப்பலைத் தவறவிட்டிருந்தால் சரக்கை நம் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டியிருக்கும். இந்த ஆர்டரின் லாபத்தோடு அடுத்த ஆர்டரின் லாபமும் அதில் பறந்திருக்கும்.

துணி பத்து நாள் தாமதமாக வந்தது. சாயப்பட்டறையில் நடந்ததைப் பேசி இப்போது ஆகப்போவது ஒன்றுமில்லை. மூன்று வாரத்தில் முடிக்க வேண்டியதைப் பதினொரு நாளில் முடித்தோம். "எல்லாரும் ராப்பகலாக உழைத்தீர்கள், நன்றி" என்று ஒரு வரி எழுதி ஒட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் சரக்கைக் காப்பாற்றியது வேகம் மட்டுமில்லை. நான் "ஓட்டுங்க, ஓட்டுங்க" என்று கத்திக்கொண்டிருந்தபோது "நிறுத்துங்க" என்று சொன்ன சிலர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

முதலில் கட்டிங் மாஸ்டர் பழனிசாமி அண்ணன். துணி இறங்கிய அன்றே லே போட்டுவிட வேண்டும் என்று நான் குதித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் ஒவ்வொரு ரோலிலும் ஒரு முழம் வெட்டி, கேட் பக்கம் வெயிலுக்குக் கொண்டுபோய் வரிசையாகப் போட்டார். டியூப் லைட்டில் எல்லாம் ஒரே நேவி ப்ளூ. வெயிலில் இரண்டு நேவி ப்ளூ. அப்படியே வெட்டியிருந்தால் முன்பக்கம் ஒரு கலர், கை ஒரு கலர் என்று தைத்திருப்போம். அரை நாள் போகிறதே என்று எல்லார் முன்னாலும் அண்ணனிடம் சத்தம் போட்டேன். அவர் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. ரோல் வாரியாகப் பிரித்து, தனித்தனி லே போட்டு, பீஸ் பீஸாக நம்பர் ஸ்டிக்கர் ஒட்ட வைத்தார். அண்ணா, எல்லார் முன்னாலும் சத்தம் போட்டதால் எல்லாரும் படிக்கிற இந்தத் தாளிலேயே மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம் செக்கிங் செல்வி அக்கா. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இரண்டாவது லைன் பீஸ்களில் தோள் தையலை இழுத்துப் பார்த்து, "ஊசி ஓட்டை விழுது" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. துவைத்தால் தெரியும் என்று ஐந்து பீஸை நனைத்துப் பிழிந்து காட்டினார். ஓட்டை பெரிதாகிக் கண்ணி ஓடியிருந்தது. அந்த லைனை நிறுத்தச் சொன்னதோடு விடாமல், அதற்கு முன் பாஸான 600 பீஸையும் திரும்ப இறக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள் அக்காவும் செக்கிங் டேபிளில் இருந்த மற்ற ஆறு பேரும். 43 பீஸ் தேறவில்லை. அதை நாம் பார்க்காமல் விட்டிருந்தால் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ ஏதோ ஒரு அம்மாதான் முதல் துவையலில் பார்த்திருப்பார்.

பெண்கள் எல்லாரும் பத்து மணிக்கு வேனில் போன பிறகு மெக்கானிக் ரஃபீக் பாய் 26 ஓவர்லாக் மெஷின்களிலும் ஊசி மாற்றினார். முனை மழுங்கியவற்றை எடுத்துவிட்டு பால் பாயின்ட் ஊசி போட்டார். அதில் ஒரு பழைய ஊசி உடைந்து நுனி எங்கோ விழுந்துவிட்டது. "மெட்டல் டிடெக்டர் இருக்கே பாய், விடுங்க" என்றேன். அவர் விடவில்லை. காந்தத்தை வைத்துக்கொண்டு தரையில் முட்டி போட்டு நாற்பது நிமிஷம் தேடி, அரிசிக் குருணை அளவு துண்டைக் கண்டுபிடித்து, ரெஜிஸ்டரில் மற்றத் துண்டுகளோடு ஒட்டி, கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் டீ குடித்தார். குழந்தைகள் போடுகிற சட்டை, அதில் ஊசி நுனி இருக்கலாமா என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

சரண்யா கைமடியாகச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வியாழக்கிழமை பேக்கிங்கில், 5-6 வயசு சைஸ் பாலிபேக்கில் ஒட்டுகிற பார்கோடு ஸ்டிக்கரின் கடைசி நம்பர் பெட்டிச் சீட்டில் இருக்கிற நம்பரோடு ஒத்துப்போகவில்லை என்று கவனித்தது இந்தப் பெண்தான். சூப்பர்வைசரிடம் சொல்லப் பயந்து, அரை மணி நேரம் கையிலேயே வைத்திருந்ததாம். அதைக் கேட்டபோது வருத்தமாக இருந்தது, பயம் என்னைப் பார்த்துத்தானே வந்திருக்கும். 5-6, 7-8 இரண்டுக்கும் ஸ்டிக்கர் ரோல் மாறியிருந்தது. ஸ்டிக்கருக்கு ஆர்டர் கொடுத்தவன் நான், வந்ததைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டவனும் நான். கண்ணு, அடுத்த முறை அரை நிமிஷம்கூட யோசிக்க வேண்டாம், நேராக என் டேபிளுக்கு வா.

ஒட்டி முடித்த 1,100 பாலிபேக்கையும் பிரித்துத் திரும்ப ஒட்டியவர்கள் சஞ்சய், தேபாசிஷ், அவர்களோடு இருந்த ஒடிசா தம்பிகள் நான்கு பேர். பகலெல்லாம் அயர்ன் டேபிளில் ஆவியில் நின்றவர்கள், ராத்திரி உட்கார்ந்து ஸ்டிக்கர் உரித்தார்கள். இந்தப் பத்தியை அவர்களுக்கு யாராவது இந்தியில் சொல்லிவிடுங்கள். என் இந்தியில் நன்றி சொன்னால் வேறு ஏதாவது அர்த்தம் ஆகிவிடும்.

மெர்ச்சண்டைசர் கவிதா இந்த நாட்களில் எத்தனை போன் பேசினார் என்று கணக்கில்லை. பையரிடம் ஷேடு வித்தியாசத்தை மறைக்காமல் போட்டோவோடு மெயில் அனுப்பலாம் என்று பிடிவாதமாக நின்றது அவர்தான். மறைத்துவிடலாம் என்பது என் யோசனை. இரண்டு ஷேடையும் தனித்தனிப் பெட்டியில் போட்டால் போதும் என்று மறுநாளே பதில் வந்தது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் எல்லாவற்றையும் ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் முடித்த ஆபீஸ் பாலாவுக்கும், ராத்திரி இரண்டு மணிக்கு இஞ்சி தட்டிப் போட்டு டீ கொடுத்த வாட்ச்மேன் தாத்தாவுக்கும் நன்றி. அந்த டீயில் சர்க்கரை கொஞ்சம் அதிகம்தான், இருந்தாலும் அது இல்லாமல் முடிந்திருக்காது.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷனில் 315 பீஸ் எடுத்துப் பார்த்தார்கள். 14 வரை குறை இருந்தால் பாஸ். நமக்கு வந்தது 5. அந்த 43 பீஸும் மாறின ஸ்டிக்கரும் உள்ளே போயிருந்தால் என்ன நம்பர் வந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

லைனில் உட்கார்ந்து தைத்த ஒவ்வொருவர் பெயரையும் எழுதவில்லை. பதினொரு நாளும் ஒரு டெய்லர்கூட லீவு போடவில்லை என்பது வருகைப் பதிவில் இருக்கிறது, முதலாளியிடமும் காட்டிவிட்டேன். ஓவர்டைம் இரட்டைச் சம்பளமாக இந்தச் சனிக்கிழமை சம்பளத்தோடு வரும். கணக்கில் ஒரு மணி நேரம் குறைந்தாலும் பாலாவிடம் சொல்லுங்கள். திங்கட்கிழமை எல்லாருக்கும் சம்பளத்தோடு லீவு. தூங்குங்கள்.

செவ்வாய்க்கிழமை அடுத்த ஆர்டரின் துணி இறங்குகிறது. ரோல்கள் முதலில் கேட் பக்கம் வெயிலுக்குப் போகும். பழனிசாமி அண்ணன் சரி என்று சொல்கிறவரை நான் கட்டிங் டேபிள் பக்கமே வரமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர்
சிவக்குமார்