மேல் வீட்டு கேஸ் பைப், வயரிங் சோதனைக்கு ஒரு காலை நேரம் வேண்டும்

மதுரை
5 ஜூன் 2025

அன்புள்ள செந்தில் தம்பிக்கு,

வணக்கம். வீட்டில் அம்மா, கவிதா, பிள்ளைகள் எல்லோரும் சௌக்கியமா? நேற்று போனில் பாதியில் விட்ட பேச்சைத்தான் எழுதி அனுப்புகிறேன். போனில் சொன்னால் எனக்கும் கோபம் வருகிறது, உங்களுக்கும் வருகிறது. எழுத்தில் இருந்தால் கவிதாவும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

நீங்கள் வாடகைக்கு இருக்கும் மேல் வீட்டின் கேஸ் பைப்பையும் வயரிங்கையும் ஒரே நாளில் சோதித்துவிட வேண்டும். அதற்கு ஜூன் 14, சனிக்கிழமை, காலை 9 மணியிலிருந்து மதியம் 1 மணி வரை வீட்டைத் திறந்துவிடுங்கள். அன்று தோதுப்படாவிட்டால் 15 ஞாயிறு அல்லது 17 செவ்வாய். மூன்றில் எதுவானாலும் எனக்குச் சரி. இதற்கு மேல் தள்ள மட்டும் மனம் ஒப்பவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

போன மாதம் கீழ் வீடு காலியானதும் வெள்ளையடிக்க ஆள் விட்டேன். ஹாலில் ஒரு சுவிட்ச் போர்டு ஆடிக்கொண்டிருந்தது. வயர்மேன் முத்துராஜ் அதைக் கழற்றி, உள்ளே இருந்த வயரை லேசாக வளைத்தார். மேலே இருந்த உறை பழைய அப்பளம் மாதிரி பொடிப்பொடியாக உதிர்ந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. உள்ளே செம்புக் கம்பி அம்மணமாக நிற்கிறது. பக்கத்திலேயே இன்னொரு கம்பி, அதற்கும் அதே கதி. நடுவில் ஒரு விரல் இடைவெளி கூட இல்லை. "சார், இத்தனை நாள் ஒன்றும் ஆகாததுதான் ஆச்சரியம்" என்றார். 1986ல் என் அப்பா இந்த வீட்டைக் கட்டியபோது இரண்டு வீட்டுக்கும் ஒரே ஆள், ஒரே வாரத்தில் இழுத்த வயர் அது. கீழே உதிர்ந்தது மேலே மட்டும் புத்தம்புதிதாக இருக்காது.

அப்புறம் அடுப்படி. கேஸ் பைப் சுவருக்குள் நுழையும் இடத்தில் பச்சை பூத்திருந்தது. கோயில் செம்பைத் தேய்க்காமல் விட்டால் பூக்குமே, அந்தப் பச்சை. சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால் பைப்புக்குள் காற்றை ஏற்றிவிட்டு, மூட்டுகளில் சோப்பு நுரை தடவினோம். எல்லாம் சும்மா இருந்தது. தொட்டிக்குக் கீழே வளையும் ஒரு மூட்டில் மட்டும் கடுகளவு ஒரு குமிழி வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தோம். மிளகளவு ஆனது, உடைந்தது, மறுபடி கடுகளவு ஒன்று வந்தது. அவ்வளவுதான் கசிவு. ஆனால் அந்த இடத்தை மூடியிருந்த அலமாரிக்குள் கதவைச் சாத்தி வைத்திருந்தால், ராத்திரி முழுக்க அந்தக் கடுகு என்ன செய்திருக்கும் என்று யோசியுங்கள். நம் சிலிண்டர் கேஸ் காற்றை விடக் கனமானது. மேலே போய் ஜன்னல் வழியாக வெளியேறாது. தரையோடு படிந்து, மூலையில் தேங்கி நிற்கும்.

அந்தப் பைப்பைப் போட்டவன் நான்தான். 2005ல், சிலிண்டரை மாடிக்குத் தூக்க வேண்டாமே என்று பின்பக்கத் தாழ்வாரத்தில் கம்பிக் கூண்டு வைத்து, இரண்டு வீட்டுக்கும் செம்புக் குழாய் இழுத்தேன். சுவரைத் துளைத்து, வெறும் குழாயை அப்படியே சிமென்டால் பூசிவிட்டார்கள். மேலே ஒரு உறைக்குழாய் போட்டிருக்க வேண்டும். அன்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. 20 வருடமாகத் திரும்பிப் பார்க்காததும் என் தவறுதான். அதற்கு நீங்கள் பொறுப்பு இல்லை.

நீங்கள் தயங்குவதற்குக் காரணம் உண்டு என்று எனக்கும் தெரியும். போன வருடம் குழாய் ரிப்பேருக்கு வந்தவர் டைல்ஸை உடைத்துவிட்டு, சிமென்ட் மூட்டையைக் கூடத்தில் போட்டுவிட்டு மூன்று நாள் வராமலே இருந்தார். கவிதாதான் எல்லாவற்றையும் கூட்டி அள்ளினார். அது நடந்திருக்கக் கூடாது. இந்த முறை நான் முதல் நாள் ராத்திரியே பஸ் பிடித்து வந்துவிடுகிறேன். வேலை முடிந்து கடைசி ஆள் படி இறங்கும்வரை அங்கேயே இருப்பேன். அம்மா தனியாக இருக்கும் நேரத்தில் முகம் தெரியாத யாரும் உள்ளே வர மாட்டார்கள்.

வருவது மூன்றே பேர். வயரிங்கிற்கு முத்துராஜ். வயர்மேன் சான்றிதழ் உள்ளவர், கீழ் வீட்டு வேலையை நீங்களே பார்த்திருப்பீர்கள். செம்புக் குழாய்க்கு ஒரு கேஸ் மெக்கானிக். மூன்றாவது, உங்கள் கேஸ் ஏஜென்சியிலிருந்து வருபவர். இவரை மட்டும் நீங்கள்தான் கூப்பிட வேண்டும், ஏனென்றால் கனெக்ஷன் உங்கள் பெயரில் இருக்கிறது. புத்தகத்தில் உள்ள நம்பரைச் சொல்லி, ரெகுலேட்டர், டியூப், அடுப்பு மூன்றையும் பார்க்க ஆள் வேண்டும் என்று பதிவு செய்துவிடுங்கள். வந்தவரிடம் அடையாள அட்டையைக் கேட்டுப் பார்த்துவிட்டே உள்ளே விடுங்கள். கட்டணம் என்று எது கேட்டாலும் என் கணக்கு.

அன்று நடப்பது இதுதான். முதலில் கேஸ். குழாயின் இரண்டு முனையையும் அடைத்து, காற்றை ஏற்றி, அளவு காட்டும் கருவியை மாட்டி அரை மணி நேரம் முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். இறங்கினால் எங்கே என்று நுரை தடவித் தேடுவார்கள். இதற்கு ஒன்றரை மணி நேரம் அடுப்பு இருக்காது. அதனால் காலைச் சமையலை 9 மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாடு நான் வாங்கி வருகிறேன். அம்மாவுக்குக் காரம் ஆகாது என்று நினைவிருக்கிறது.

அடுத்து கரண்ட். மெயினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு லைனிலும் மெக்கர் என்ற கருவியை வைத்து 500 வோல்ட் கொடுத்து, உறை தாங்குகிறதா என்று பார்ப்பார். ஒரு மெக்-ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த லைனை நம்ப முடியாது. சோதிக்கும்போது எந்தச் சாமானும் சொருகியிருக்கக் கூடாது. டிவி, வைஃபை பெட்டி, வாஷிங் மெஷின், சார்ஜர் எல்லாவற்றையும் பிடுங்கி வைத்துவிடுங்கள். பிரிட்ஜும்தான். இரண்டு மணி நேரத்தில் பால் கெட்டுவிடாது, கதவை மட்டும் திறக்காமல் இருக்க வேண்டும். அன்று உங்களுக்கு வீட்டிலிருந்து ஆபீஸ் வேலை இருந்தால் கீழ் வீட்டில் உட்காருங்கள், அங்கே புது வயர், ஃபேனும் ஓடுகிறது.

ஆடி மாதம் குளியலறையில் கீசர் குழாயைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது என்று கவிதா சொன்னார். ஈரக்கை என்று நான் அப்போது அசட்டையாகச் சொல்லிவிட்டேன். அது எர்த் பிரச்சினையாக இருக்கலாம். பின்பக்க எர்த் குழியில் அப்பா இருந்தவரை கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார். அதன் பிறகு யாரும் ஊற்றவில்லை. அதையும் அன்று அளந்துவிடுவோம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்று மேல் வீட்டிற்கு வாங்கி வைத்துவிட்டேன். சோதனை எப்படி வந்தாலும் அதை மாட்டத்தான் போகிறோம்.

ஃப்யூஸ் கட்டையில் இரட்டைக் கம்பி சுற்றியிருப்பதைப் பொங்கலுக்கு வந்தபோதே பார்த்தேன். அடிக்கடி போகிறதே என்று செய்திருப்பீர்கள், எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் ஃப்யூஸ் போகாவிட்டால் வயர் போகும். அந்தக் கட்டைகளைத் தூக்கிவிட்டு, கரண்ட் அதிகமானால் தானே அணையும் எம்சிபி சுவிட்ச் போட்டுத் தருகிறேன்.

உங்கள் பக்கம் இரண்டே வேலை. அடுப்படித் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரியைக் காலி செய்து வையுங்கள். சுவிட்ச் போர்டுகளுக்கு முன்னால் கட்டிலோ பீரோவோ இருந்தால் ஓரடி நகர்த்த வேண்டும். அதற்கு ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், நாங்களே நகர்த்திக்கொள்கிறோம்.

சரி, ஏதாவது கெட்டதாக வந்தால்? கேஸ் பைப் கசிந்தால் அன்றே அதை மூடிவிட்டு, சிலிண்டரை அடுப்படிக்கே கொண்டுவந்து புது டியூபில் இணைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போவோம். குழாயைச் சுவருக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியும்படி புதிதாகப் போடுவது அடுத்த வாரம். வயரிங் மாற்ற வேண்டி வந்தால் ஒரு நாளைக்கு ஒரு அறை, ராத்திரிக்குள் அந்த அறையில் லைட்டும் ஃபேனும் எரிய வேண்டும் என்று பேசியிருக்கிறேன். செலவு முழுக்க என்னுடையது. இதைக் காட்டி வாடகையை ஏற்ற மாட்டேன். காலி செய்யச் சொல்லவும் மாட்டேன். ஒப்பந்தம் முடியும்வரை அதில் உள்ள தொகைதான். கவிதாவுக்கு அந்தச் சந்தேகம் இருப்பது பேச்சில் தெரிந்தது, அதனால்தான் எழுத்திலேயே தருகிறேன்.

தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி 24 மணி நேரம் முன்னால் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டைப் பார்க்க எனக்கு வழி இருக்கிறது. அதைக் காட்டி வந்து நிற்க எனக்கு விருப்பமில்லை. நாலு வருடமாக ஒரு மாதம் கூட வாடகை தவறாத வீட்டில் சட்டம் பேசுவது அழகில்லை. ஏப்ரலில் பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றீர்கள், பொறுத்தேன். மே மாதம் ஊருக்குப் போகிறோம் என்றீர்கள், அதற்கும் சரி என்றேன். அப்போது கீழ் வீட்டுக் குமிழியை நான் பார்த்திருக்கவில்லை.

அதுவரை சிலவற்றை மட்டும் தயவுசெய்து கடைப்பிடியுங்கள். ராத்திரி படுக்கும் முன் தாழ்வாரத்தில் இறங்கி ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். அந்த ஆரஞ்சு டியூபில் அச்சிட்ட வருடத்தைப் பாருங்கள், ஐந்து வருடம் தாண்டியிருந்தால் சோதனை வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள், பில்லை எனக்கு அனுப்புங்கள். கீசரும் அயர்ன் பாக்ஸும் ஒரே நேரத்தில் வேண்டாம். கீசரைப் போட்டால் தண்ணீர் சுட்டதும் சுவிட்சை அணைத்துவிட்டுக் குளிக்கச் சொல்லுங்கள். கேஸுக்குப் பதிலாக இண்டக்ஷன் அடுப்பு வாங்கலாமா என்று கவிதா கேட்டாராம். இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். அது 2000 வாட் வரை இழுக்கும், இந்த வயரில் அதைச் சொருகுவது நெருப்புக்குப் பயந்து நெருப்பைக் கூப்பிடுவது.

வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் தொடக் கூடாது. போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், எக்ஸாஸ்ட் ஃபேனும் வேண்டாம். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் கீழே இறங்குங்கள், போகிற வழியில் ரெகுலேட்டரை மூடுங்கள், வெளியே நின்று 1906க்குப் போன் செய்யுங்கள். அப்புறம் எனக்கு, எந்த நேரமானாலும்.

மூன்று தேதிகளில் எது என்று 9ஆம் தேதி திங்கட்கிழமைக்குள் ஒரு வரி வாட்ஸ்அப்பில் போடுங்கள். முத்துராஜிடம் சொல்லி வைக்க வேண்டும், முகூர்த்த மாதத்தில் அவர் சனிக்கிழமை கிடைப்பதே கஷ்டம்.

அன்புடன்,
சு. நடராஜன்