அத்தானின் ஷார்ஜா ஒப்பந்தத்தில் இருப்பது என்ன

மீனா அக்கா, அத்தான் அனுப்பிய ஒப்பந்தத்தை முழுக்கப் படித்துவிட்டேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

முதலில் சம்பளம். மாதம் 1,800 திர்ஹாம் என்று ஏஜென்ட் சொன்னார் அல்லவா, அது தாளில் இல்லை. அடிப்படைச் சம்பளம் 900, சாப்பாட்டுப்படி 300, மொத்தம் 1,200. திர்ஹாமுக்கு 23 ரூபாய் என்று வைத்தால் 27,600 ரூபாய். மீதி ஓவர்டைமில் வரும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 900-ஐ 30 நாளுக்கும் 8 மணி நேரத்துக்கும் வகுத்தால் மணிக்கு 3.75. ஓவர்டைமுக்கு அதில் கால் பங்கு கூடும், அதாவது சுமார் 4.70. தினம் 2 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் வாங்கக் கூடாது என்பது அங்கத்திய சட்டம். 26 நாளும் பார்த்தாலும் 244 திர்ஹாம்தான் சேரும். ஆக 1,450-ஐத் தாண்டாது. அந்த நம்பிக்கையில் சீட்டு எடுத்துவிடாதீர்கள்.

வேலை நேரம் தினம் 8 மணி, வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை. கம்பி கட்டும் வேலை வெயிலில்தான். ஆனால் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது.

தங்குமிடம் கம்பெனி கேம்ப், ஒரு அறைக்கு ஆறு பேர். வாடகை, கரண்ட், தண்ணீர், வேலைக்குப் போய்வர பஸ் எதற்கும் பிடித்தம் இல்லை. சாப்பாடு மட்டும் அத்தான் பொறுப்பு.

ஒப்பந்தம் 2 வருடம். அது முடிந்தால் ஊர் திரும்ப டிக்கெட் கம்பெனி தரும். நடுவில் தானாக விட்டு வந்தால் டிக்கெட் செலவு அத்தானுடையது. முதல் 6 மாதம் சோதனைக் காலம்; அதற்குள் வேலையை விட்டு ஊருக்கு வர நினைத்தால் 14 நாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். சொல்லாமல் மட்டும் கேம்பை விட்டுப் போகக் கூடாது. ஓடிப்போனதாகப் புகார் கொடுத்துவிட்டால் பெரிய சிக்கல்.

சம்பளத் தகராறு வந்தால் முதலில் அங்குள்ள தொழிலாளர் அமைச்சகத்தில் புகார். 50,000 திர்ஹாமுக்குள் இருந்தால் அமைச்சகமே முடிவு சொல்லும். தமிழோ ஆங்கிலமோ எதில் படித்திருந்தாலும் முரண்பாடு வந்தால் அரபியில் உள்ளதே செல்லும். அதனால் இறங்கியதும் வேறு தாளை நீட்டினால், இதே தொகை அதில் இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்து வேண்டாம். பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை, அது அத்தானிடமே இருக்கட்டும்.

இன்னொன்று. ஏஜென்ட் 90,000 கேட்பதாகச் சொன்னீர்கள். நம் நாட்டு விதிப்படி அவர் வாங்கலாம் என்பது 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். ரசீது கேளுங்கள். தர மறுத்தால் பணம் கட்ட வேண்டாம், சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் நாமே புகார் கொடுக்கலாம். நான் கூட வருகிறேன்.

அத்தான் வியாழக்கிழமை கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த 1,800 விஷயத்தை ஏஜென்டிடம் நேராகக் கேட்கச் சொல்லுங்கள். எழுதித் தந்தால் சரி. இல்லை என்றால் 1,200-க்குப் போகலாமா என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

சரவணன்